ஐந்து உறுப்புகளும் பத்து லட்சம் உறுப்புகளும்

பையின் மதிப்பைக் கணக்கிட நல்லதொரு தொடர் இருந்தால் போதும் என்று எண்ணுகிறோம். அத்தொடரில் எந்த எண்ணை இடுகிறோம் என்பதே முக்கியம் என்பேன் நான்.

arctan x = x − x³/3 + x⁵/5 − …

இதில் x = 1 என இட்டால் 45 பாகை, அதாவது π/4 கிடைக்கும். கேரளத்தின் மாதவருடையதாகக் கருதப்படும் அழகிய தொடர் இது. ஆனால், 1-ஐ எத்தனை முறை பெருக்கினாலும் 1தான். உறுப்புகளைக் குறைப்பது 3, 5, 7 என மெல்ல வளரும் பகுதி மட்டுமே. நூறு உறுப்புகளைக் கூட்டியும் எனக்குக் கிடைத்தது 3.1316, இரண்டாம் தசம இடமே பிழை.

சிறிய எண்ணை இட்டால் உறுப்புகள் விரைவாகச் சுருங்கும். ஆனால், கோணமும் சிறுத்துவிடும். 1706இல் ஜான் மெச்சின் இதற்கு வழி கண்டார். 1/5-க்குரிய கோணத்தின் நான்கு மடங்கு, 45 பாகையைச் சற்றே தாண்டுகிறது. அந்த மிகுதி, மிகச் சரியாக 1/239-க்குரிய கோணம்.

π/4 = 4 arctan(1/5) − arctan(1/239)

முதல் தொடரில் ஒவ்வோர் உறுப்பும் முந்தையதில் 25இல் ஒரு பங்குக்கும் கீழ். அதில் நான்கு உறுப்புகளையும் இரண்டாவதில் ஒன்றையும் எடுத்தேன்: 3.1415917. இதே துல்லியத்துக்கு மாதவர் தொடரில் ஏறத்தாழ பத்து லட்சம் உறுப்புகள் வேண்டும். இரண்டும் ஒரே தொடர்தான்; இட்ட எண்தான் வேறு.