வீச்சுக்கு முன் உறக்கம்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, மயிலம் சாலை பிரியும் கூட்டேரிப்பட்டு மாதிரியான நெடுஞ்சாலை ஊரில், இரவில் ஒரு பேருந்து நின்றாலே நாற்பது பரோட்டா கேட்பார்கள். கல் எப்போதும் தயார். மாவு?

10 கிலோ மைதாவுக்கு ஐந்தரை லிட்டர் தண்ணீர், அரை லிட்டர் எண்ணெய். 80 கிராம் உருண்டையாகப் பிடித்தால் சுமார் 200 வரும். பிசைந்த உடனே வீசினால் மாவு ரப்பர் போலச் சுருங்கும், இல்லை கிழியும். பிசையும்போது குளூட்டன் புரத வலை முறுக்கேறிவிடுவதே காரணம். ஒரு மணி நேரம் ஈரத்துணிக்கு அடியில் கிடந்தால் தண்ணீர் உள்ளே ஊறி வலை தளரும். உருண்டை பிடிப்பதும் முறுக்கேற்றும் வேலைதான். அதனால் எண்ணெய் தடவி இன்னொரு அரைமணி. விரலால் அழுத்திப் பாருங்கள்: பள்ளம் உடனே மேலெழுந்தால் இன்னும் ஆகவில்லை.

 

ஆனால் சாயங்காலமே மொத்த மாவையும் பிசைந்து வைப்பது தப்புக் கணக்கு. சித்திரை வெக்கையில் மாவு நொளநொளத்துக் கையில் ஒட்டும், அடுக்கு பிரியாது. நல்ல மாஸ்டர் முக்கால் மணிக்கு ஒரு ஈடு பிசைவார். ஒன்று கல்லில், ஒன்று உருண்டையில், ஒன்று துணிக்கடியில்.