2 + 3 * 4: கணினிக்கு இலக்கணம் எழுதுவோம்

சாதாரணக் கால்குலேட்டரில் 2 + 3 × 4 என்று வரிசையாகத் தட்டினால் பெரும்பாலும் 20 வரும். அறிவியல் கால்குலேட்டரில் 14 வரும். முதலாவது, எண்கள் வரவர அங்கேயே கணக்கிட்டுவிடுகிறது. இரண்டாவது, கோவை முழுவதையும் பார்த்துவிட்டுப் பெருக்கலை முதலில் செய்கிறது. பெருக்கலுக்கு முன்னுரிமை உண்டு என்பது நமக்குத் தொடக்கப்பள்ளியிலேயே தெரியும். கணினிக்கு அதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

நிரலாக்க மொழிகளுக்கும் இலக்கணம் உண்டு. கூட்டலும் பெருக்கலும் மட்டுமே உள்ள ஒரு சின்ன இலக்கணத்தை எழுதிப் பார்ப்போம். E என்பது கோவை, n என்பது ஏதாவது ஓர் எண். அம்புக்குறிக்கு இடப்பக்கம் இருப்பதை வலப்பக்கம் உள்ளதுபோல் விரித்து எழுதலாம் என்று பொருள்.

```
E -> E + E
E -> E * E
E -> n
```

பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், 2 + 3 * 4 என்பதை இதைக் கொண்டு இரண்டு விதமாக உருவாக்க முடியும். முதலில் கூட்டல் விதியை எடுத்தால் இடப்பக்க மரம்; முதலில் பெருக்கல் விதியை எடுத்தால் வலப்பக்க மரம். இவற்றைப் பகுப்பு மரங்கள் என்பார்கள்.

```
    E                 E
  / | \             / | \
 E  +  E           E  *  E
 |    /|\         /|\    |
 2   E * E       E + E   4
     |   |       |   |
     3   4       2   3
```

மரத்தைக் கீழிருந்து மேலாகக் கணக்கிட வேண்டும். இடப்பக்க மரத்தில் 3 * 4 முதலில் முடிந்து 14 கிடைக்கும். வலப்பக்க மரத்தில் 2 + 3 முதலில் முடிந்து 20 கிடைக்கும். இரண்டு மரங்களும் விதியை மீறவில்லை. ஒரே கோவைக்கு இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட மரங்கள் வந்தால் அந்த இலக்கணம் மயக்கம் உடையது. தமிழில் 'பெரிய வீட்டுக் கதவு' என்கிறோமே, பெரியது வீடா, கதவா? அதே சிக்கல்தான். நாம் சூழலைப் பார்த்துப் புரிந்துகொள்வோம். கணினிக்கு அந்த வசதி இல்லை.

சிக்கல் எங்கே இருக்கிறது? பெருக்கல் குறியின் இருபுறமும் E என்று விட்டுவிட்டோம். E-க்குள் கூட்டலும் அடங்கும். அதனால்தான் 2 + 3 பெருக்கலுக்குக் கீழே நுழைந்துவிட்டது. இதைத் தடுக்க, இலக்கணத்தை மாடி மாடியாகப் பிரிக்க வேண்டும். E கூட்டலுக்கு, T பெருக்கலுக்கு, F தனி எண்ணுக்கும் அடைப்புக்குறிக்கும்.

```
E -> E + T
E -> T
T -> T * F
T -> F
F -> n
F -> ( E )
```

இப்போது 20 தரும் மரத்தை வரைய முயன்று பாருங்கள். உச்சியில் பெருக்கல் வர வேண்டுமானால் E முதலில் T ஆக வேண்டும். பிறகு T * F. அதில் இடப்பக்க T, 2 + 3 ஆக விரிய வேண்டும். T-க்குள் கூட்டல் குறிக்கு இடமே இல்லை, அடைப்புக்குறி போட்டால் ஒழிய. ஆகவே உச்சியில் கூட்டல்தான் வர முடியும், மரமும் ஒன்றுதான்:

```
     E
   / | \
  E  +  T
  |   / | \
  T  T  *  F
  |  |     |
  F  F     4
  |  |
  2  3
```

20 வேண்டும் என்பவர் ( 2 + 3 ) * 4 என்று எழுதலாம். கடைசி விதி அதற்காகத்தான். 1960-இல் வெளிவந்த அல்கோல் 60 மொழியின் அறிக்கையிலும் கோவைகளின் இலக்கணம் இப்படி மாடி மாடியாகவே எழுதப்பட்டிருக்கிறது.

முதல் விதியில் E ஏன் இடப்பக்கம் மட்டும் இருக்கிறது? கழித்தலைச் சேர்த்தால் காரணம் தெரியும். E -> E - T என்று எழுதினால், 10 - 4 - 3 என்பதில் வலப்பக்க T-க்குக் கழித்தல் குறியை ஏற்க வழியில்லை. அங்கே 3 மட்டுமே போகும். 10 - 4 முதலில் முடிந்து விடை 3. மாற்றி E -> T - E என்று எழுதினாலும் ஒரே மரம்தான் வரும். ஆனால் அது 10 - (4 - 3), விடை 9. மயக்கம் இல்லை, விடைதான் தவறு! கூட்டலை மட்டும் வைத்துச் சோதித்தால் இந்தப் பிழை கண்ணில் படாது, ஏனென்றால் கூட்டலை எந்தப் பக்கமிருந்து செய்தாலும் விடை ஒன்றே. புதிய இலக்கணத்தைச் சோதிக்க இரண்டு கழித்தல் உள்ள கோவையே நல்ல கருவி.

அடுக்கு வந்தால் கதை தலைகீழ். கணித வழக்கில் 2 ^ 3 ^ 2 என்பது 2-இன் அடுக்கு 9, அதாவது 512. 8-இன் வர்க்கமான 64 அன்று. ஆகவே அடுக்குக்கு P என்று இன்னொரு மாடி கட்டி, இந்த முறை வலப்பக்கம் திரும்ப வேண்டும்: F -> P ^ F, F -> P. எண்ணும் அடைப்புக்குறியும் P-இன் மாடிக்கு இறங்கிவிடும். 2 * 3 ^ 2 என்பதற்கு மரம் வரைந்து, 18 வருகிறதா என்று பாருங்கள்.