டாலர் வாங்கும் உரிமை

மாணவர்களே, என்னிடம் பயின்ற ஒருவர் நூற்பு இயந்திர உதிரிகளை இறக்குமதி செய்பவர். 2013 மே நடுவில் டாலரின் விலை ஏறத்தாழ 55 ரூபாய். ஆகஸ்டு இறுதியில் அவர் ஒரு லட்சம் டாலர் செலுத்த வேண்டியிருந்தது. முன்பேர ஒப்பந்தம் செய்தால் விலையேற்றத்தினின்று காப்பு உண்டு. ஆயின் டாலர் மலிந்தாலும் பேசிய விலையையே கொடுத்தாக வேண்டும்.

ஆகவே அவர் வங்கியிடம் 'கால் ஆப்ஷன்' வாங்கினார். குறித்த நாளில் டாலரை 56 ரூபாய்க்கு வாங்கும் உரிமை அது, கடமையன்று. அதற்குக் கட்டணம் டாலருக்கு ஒரு ரூபாய் வீதம் ஒரு லட்சம் ரூபாய். அது திரும்பி வாராது.

ஆகஸ்டு 28 அன்று டாலர் 68 ரூபாயைக் கடந்தது. உரிமையைப் பயன்படுத்திய அவருக்கு, கட்டணமும் சேர்த்து டாலர் 57 ரூபாய்தான். பதினொரு லட்ச ரூபாய்க்கு மேல் மிச்சம்.

டாலர் 52க்கு இறங்கியிருந்தால்? உரிமையைக் கைவிட்டுச் சந்தையிலேயே வாங்கியிருப்பார், அடக்கம் 53.

விலை 56.50இல் நின்றிருந்தால், உரிமையைப் பயன்படுத்தியும் அடக்கம் 57. அரை ரூபாய் நட்டமே. 57ஐத் தாண்டிய பின்னரே கட்டணம் ஈடாகும். இன்னொன்று: சரக்கு தாமதித்துப் பணம் செலுத்தும் நாள் தள்ளிப்போனாலும், உரிமையின் கெடு தள்ளிப்போகாது. ஆதலின் நாளை எண்ணிப் பார்த்தே வாங்க வேண்டும்.