முதலில் பரதமா, கரகமா?

பள்ளி ஆண்டு விழாவுக்கு இரண்டு நிகழ்ச்சி நிரல்கள் உண்டு. ஒன்று அழைப்பிதழில் அச்சாவது. தமிழ்த்தாய் வாழ்த்தில் தொடங்கி, குத்துவிளக்கு, வரவேற்புரை, ஆண்டறிக்கை, தலைமையுரை, சிறப்புரை, பரிசளிப்பு என்று இறங்கி வந்து, ‘கலை நிகழ்ச்சிகள்’ என்ற ஒரு வரியைத் தாண்டி, நன்றியுரை, நாட்டுப்பண்ணோடு முடியும். இன்னொன்று மேடையின் பக்கவாட்டில் பி.டி. சார் கையில் மடங்கிக் கசங்கிக் கிடக்கும் தாள். அழைப்பிதழின் அந்த ஒற்றை வரி, இந்தத் தாளில் 16 வரிகளாக விரிந்திருக்கும். எந்த வரிக்குப் பின் எந்த வரி என்பதற்கு ஆசிரியர் அறையில் மூன்று வாரம் சண்டை நடந்திருக்கும்.

சண்டை பெரும்பாலும் ‘எங்க கிளாஸ் டான்ஸை ஏன் கடைசியில் போட்டீங்க?’ என்றுதான் தொடங்கும். வரிசையைத் தீர்மானிப்பது ரசனையோ சீனியாரிட்டியோ என்று நினைப்பதால் வரும் சண்டை அது. உண்மையில் வரிசையின் பாதியைத் தீர்மானிப்பது ஒப்பனை அறைதான்.

முதலில் நேரக் கணக்கு. நடுத்தர ஊரில் இருக்கும் ஒரு பள்ளியை வைத்துக்கொள்வோம். மாலை ஐந்தரைக்குத் தொடங்கி ஒன்பது மணிக்கு முடிக்கத் திட்டம். திறந்த மைதானம். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்வதால், ஒன்பது என்பது தாமதத்துக்கும் சேர்த்து இடம் விட்ட கணக்கு. ஆக, கையில் 210 நிமிடம்.

விளக்கேற்றி வரவேற்க 15 நிமிடம், ஆண்டறிக்கைக்கு 10, தலைமையுரைக்கு 10, சிறப்புரைக்கு 15, நன்றிக்கு 5. பரிசு 120 பேருக்கு. பெயர் வாசித்து, பிள்ளை மேடையேறி, கேமராவைப் பார்த்துச் சிரித்து இறங்க ஆளுக்கு 15 விநாடி என்றாலும் அரை மணி நேரம். இதுவரை 85 நிமிடம் போயிற்று. மீதி 125. பதினாறு ஐட்டத்துக்கும் தலா ஐந்து நிமிடம் என்றால் 80. ஒரு கூட்டம் இறங்கி அடுத்த கூட்டம் ஏறி வரிசையில் நிற்க இரண்டிரண்டு நிமிடமாக 32. அவற்றில் ஒன்று நாடகம். அதற்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் வேண்டும். மொத்தம் 122. மிச்சம் மூன்றே நிமிடம்! சிறப்பு விருந்தினர் 20 நிமிடம் தாமதமாக வந்தால் கணக்கு அங்கேயே உடைந்துவிடும்.

கணக்குப் போடாத பள்ளிகளில் இந்த உடைப்பு எட்டரை மணிக்குத்தான் தெரியவரும். அப்போது வெட்டுப்படுவது கடைசி வரிசையில் காத்திருக்கும் பெரிய வகுப்புப் பிள்ளைகளின் நாடகம். இரண்டு மாதம் ஒத்திகை பார்த்தவர்களிடம் ‘சீக்கிரம் முடிங்கப்பா’ என்று சொல்வதைவிட, முன்கூட்டியே பரிசில் கை வைப்பது மேல். வகுப்பில் முதல் மூன்று இடம், விளையாட்டு, கட்டுரைப் போட்டி என்று எல்லாவற்றையும் மேடைக்குக் கொண்டுவராமல், பெரும்பாலானவற்றைக் காலை வழிபாட்டுக் கூட்டத்திலேயே கொடுத்துவிட்டு, 40 பரிசுகளை மட்டும் விழாவுக்கு வைத்தால் 20 நிமிடம் திரும்பக் கிடைக்கும். விருந்தினரின் தாமதத்துக்கு அது ஈடு.

இனி ஒப்பனை அறை. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மூன்று ஐட்டத்தில் இருக்கிறாள்: பரதம், கரகாட்டம், நாடகம். நன்றாக ஆடுகிற பிள்ளையை எல்லா ஆசிரியரும் கேட்பார்கள். அதனால் இப்படிச் சிக்கிக்கொள்ளும் பிள்ளைகள் எந்தப் பள்ளியிலும் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். அனுபவமுள்ள ஆசிரியர்கள் முதலில் ஒரு கட்டத் தாள் போடுவார்கள். இடப்பக்கம் பிள்ளைகளின் பெயர், மேலே ஐட்டங்கள், உள்ளே டிக் குறி. ஒரே பெயருக்கு நேரே இரண்டு டிக் விழுந்தால் அந்த இரண்டு ஐட்டத்துக்கும் நடுவே எவ்வளவு நேரம் வேண்டும் என்று பார்க்க வேண்டும்.

பரதத்தைக் கலைத்துக் கரகத்துக்கு மாற எப்படியும் 25 நிமிடம் பிடிக்கும். தைத்த உடையைக் கழற்றுவது எளிது. ராக்கொடி, நெற்றிச்சுட்டி, பின்னிய பொய்ச்சடை, சலங்கை என்று ஒவ்வொன்றாக ஊக்கும் ஹேர்பின்னும் எடுப்பதில்தான் நேரம் போகும். ஐட்டத்துக்கு ஏழு நிமிடம் என்று வைத்தால் இடையில் நாலு ஐட்டமாவது வேண்டும். சரி, கரகத்தை முதலில் போட்டால்? இன்னும் மோசம். பரத அலங்காரத்தைப் போடுவதற்குக் கலைப்பதைவிட அதிக நேரம் வேண்டும். அவசரத்தில் போட்டால் சடை நடு ஆட்டத்தில் அவிழும். முதல் ஐட்டத்துக்கான உடையைப் பிள்ளை வீட்டிலிருந்தோ மதியமே பள்ளியிலோ நிதானமாக உடுத்திக்கொண்டு தயாராக இருக்கலாம். ஆகவே கனமான ஒப்பனை முதலில், எளிமையானது பின்னால். வரவேற்பு நடனமாகப் பரதம் வருவதற்கு மரபும் மங்கலமும் காரணம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கலாம். ஹேர்பின்னுக்கும் அதில் பங்கு உண்டு.

இந்த இடத்தில்தான் பேச்சாளர்கள் உதவிக்கு வருகிறார்கள். பரதமும் மழலையர் ஐட்டங்களும் முடிந்ததும் ஆண்டறிக்கை, தலைமையுரை, சிறப்புரை, பரிசு என்று ஒரே கட்டாக வைத்தால், மேடையில் உரை நடக்கும் நேரமெல்லாம் ஒப்பனை அறைக்குக் கிடைக்கிறது. நம் எட்டாம் வகுப்பு மாணவி ஐந்தே முக்காலுக்குப் பரதம் ஆடி முடித்து, ஏழரைக்குக் கரகத்தோடு வரலாம். நாடகத்தில் அவளுக்குக் கிராமத்துப் பெண் வேடம் கொடுத்துவிட்டால், கரகத்துக்குக் கட்டிய கண்டாங்கிச் சேலையோடே நடித்துவிடலாம். மூன்றாவது மாற்றமே தேவையில்லை. உரைகளை ஆங்காங்கே தெளித்தால் கூட்டம் சலிக்காது என்று சிலர் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு உரைக்கும் மைக் மேசையும் நாற்காலிகளும் மேடைக்கு வந்து போக வேண்டும். அதற்கே நேரம் கரைந்துவிடும்.

மழலையரை முன்னால் போடுவதில் ஒரு சங்கடம் உண்டு. எல்.கே.ஜி. வண்ணத்துப்பூச்சிகள் ஆடி முடித்த அரை மணி நேரத்தில் அவர்களுடைய பெற்றோர் கிளம்பிவிடுவார்கள். நாற்காலிகளில் கால்வாசி காலியாகும். கூட்டத்தைப் பிடித்துவைக்க மழலையரைக் கடைசிக்குத் தள்ளும் பள்ளிகள் இருக்கின்றன. நாலு வயதுக் குழந்தை எட்டரை மணிக்கு அட்டைச் சிறகோடு தூங்கி வழியும், அல்லது அழும். போகிறவர்கள் போகட்டும் என்று விடுவதே நியாயம். மழலையரில் இரண்டு ஐட்டத்தை உரைகளுக்கு முன்னும் ஒன்றை உரைகள் முடிந்த உடனும் வைத்தால், விருந்தினர் பேசும்போது அவையும் நிறைந்திருக்கும், ஏழரைக்கெல்லாம் குழந்தைகளும் வீடு போய்ச் சேரலாம்.

திறந்த மைதானத்தில் சூரியனையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பிப்ரவரியில் ஆறேகால் வாக்கில் இருட்டத் தொடங்கும். சிலம்பமும் மனித பிரமிடும் வெளிச்சம் இருக்கும்போதே தரையில் நடந்துவிடுவது நல்லது. நிழல் நாடகத்தையும் மின்விளக்கு உடை நடனத்தையும் ஏழு மணிக்கு முன் போட்டால் எடுபடாது.

மேடைச் சாமானும் வரிசையைக் கட்டிப்போடும். வில்லுப்பாட்டுக்கு வில், குடம், உடுக்கை, நாலைந்து மைக், அமர ஜமுக்காளம் வேண்டும். நாடகத்துக்கு அரங்கப் பொருட்கள். இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால் இடையில் ஐந்து நிமிட வெறுமை விழும். பின்வரிசையில் விசில் கிளம்பிவிடும். அதற்குத்தான் திரைக்கு முன் நிகழ்ச்சி. பேச்சுப் போட்டியில் வென்ற மாணவர் திரைக்கு முன்னால் ஒற்றை மைக்கில் பேச, பின்னால் ஓசையில்லாமல் சாமான் மாறும். ஆணி அடிக்கிற வேலையை மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது. மைக் அதையும் சேர்த்து ஒலிபரப்பும். கரகத்தில் தண்ணீர் சிந்தினாலோ காகிதத் தூள் தூவினாலோ அடுத்து வெறுங்காலோடு ஆடும் ஐட்டம் வரக் கூடாது. வழுக்கும்.

பேச்சாளர்களின் வரிசையில் மரியாதைக் கணக்கு வேறு. பெரியவர் கடைசியில் பேசுவதுதான் நம் மேடை வழக்கம். முன்னால் பேசுகிறவர்கள் எடுத்துக்கொள்ளும் நேரமெல்லாம் அவர் நேரத்திலிருந்து போகிறது என்பதே இதில் உள்ள வில்லங்கம். இதற்கு அழைப்பிதழ் மரபிலேயே ஓர் அருமையான வழி இருக்கிறது: ‘முன்னிலை’. பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், வார்டு உறுப்பினர், நன்கொடையாளர் என்று விட்டுவிட முடியாத பெயர்களையெல்லாம் அந்தத் தலைப்பின்கீழ் அச்சிட்டு, மேடையில் நாற்காலி போட்டு, வரவேற்புரையிலேயே பெயர் சொல்லிப் பொன்னாடையும் போர்த்திவிட்டால் கௌரவம் முழுமையாகிவிடும். மைக் அவர்கள் கைக்குப் போகாது. ‘வாழ்த்துரை’ என்று அச்சிட்டுவிட்டுப் பிறகு நேரமில்லை என்று சொல்வதுதான் வம்பு.

சிறப்பு விருந்தினர் வரத் தாமதமாகும் என்றே எண்ணித் திட்டமிட வேண்டும். அரங்கப் பொருள் தேவைப்படாத, உடை மாற்றத்தில் சிக்காத குழுப்பாடல், யோகா போன்ற இரண்டு மூன்று ஐட்டங்களைக் கைவசம் வைத்துக்கொண்டால், எந்த நேரத்திலும் முன்னால் இழுத்துவிடலாம். ஒரு நடனம் நடக்கும்போது கார் வந்துவிட்டால் பாட்டை நிறுத்தத் தேவையில்லை. வாசலில் பூங்கொத்து கொடுத்து, பாண்டு வாத்தியத்தோடு நடத்தி வருவதற்குள் நடனம் முடிந்துவிடும். வந்தவர் ‘அரை மணி நேரத்தில் கிளம்பணும்’ என்றால், ஆண்டறிக்கையைத் தள்ளிவைத்து முதலில் அவரைப் பேசவிட்டு, பத்துப் பரிசை அவர் கையால் கொடுத்து, மீதியைத் தலைமையாசிரியர் தொடரலாம்.

இப்படி வரிசை நகரும்போது அடிவாங்குவது ஒலியமைப்பாளர். பென் டிரைவில் பாட்டுகள் 01, 02 என்று நிகழ்ச்சி எண்ணிலேயே இருக்கும். ஐந்தாவது ஐட்டம் மூன்றாவதாகப் போனால், எட்டாம் வகுப்புக் கரகாட்டத்துக்கு யு.கே.ஜி. பாட்டு ஒலிக்கும். எண்ணை விட்டுவிட்டு ஒவ்வொரு ஐட்டத்துக்கும் மாறாத பெயர் ஒன்றைக் கொடுப்பது நல்லது: ‘8B_karagam.mp3’ என்று இருந்தால் அது எங்கே நகர்ந்தாலும் அதே பெயர்தான். தொகுத்து வழங்கும் மாணவர், ஒப்பனை அறை ஆசிரியர், ஒலியமைப்பாளர், பி.டி. சார் ஆகிய நால்வரிடமும் ஒரே தாள் இருக்க வேண்டும். மாற்றத்தைச் சொல்லும் உரிமை ஒருவருக்கு மட்டும்.

கர்நாடக இசைக் கச்சேரியில் கனமான உருப்படி கடைசியில் வருவதில்லை. அதற்குப் பிறகு துக்கடாக்கள், மங்களம் என்று இறங்கும். ஆண்டு விழாவில் அப்படி இறங்கினால் அவை கலைந்துவிடும். கடைசி நடனம் முடிந்தது என்று தெரிந்ததும் பெற்றோர் ஒப்பனை அறை வாசலுக்கு ஓடுவார்கள். நன்றியுரை சொல்பவர் முதுகுகளைப் பார்த்துத்தான் பேசுவார். அதனால் பல பள்ளிகள் நன்றியுரையைக் கடைசி ஐட்டத்துக்கு முன்னால் கொண்டுவந்துவிட்டன. கடைசி ஐட்டத்தில் பெரிய கூட்டமாக ஆடிய பிள்ளைகள் மேடையை விட்டு இறங்காமல், நின்ற இடத்திலேயே நாட்டுப்பண்ணைப் பாடத் தொடங்குவார்கள். தன் பிள்ளை மேடையில் நிற்கும்போது யாரும் வாசலுக்குப் போவதில்லை. 52 விநாடி கழித்து, அடையாள அட்டையைக் காட்டிப் பிள்ளையை வாங்கிக்கொள்ளும் வரிசை தொடங்கும்.