செம்புக் கோட்டுக்கு எவ்வளவு அகலம் வேண்டும்?

பழுதான சோலார் சார்ஜ் கன்ட்ரோலரைத் திறந்து பார்த்தால், சில நேரம் எந்த உதிரியும் எரிந்திருக்காது. ஆனால் பேட்டரி கனெக்டரிலிருந்து கிளம்பும் செம்புக் கோட்டை ஒட்டி, பச்சைப் பலகை மட்டும் பழுப்பேறியிருக்கும். அந்தக் கோட்டைத்தான் டிராக் என்கிறோம். பிசிபியில் கம்பிக்குப் பதிலாக மின்சாரத்தைச் சுமப்பது அதுவே. பழுப்பு நிறம் சொல்லும் செய்தி ஒன்றுதான்: அந்த டிராக், தாங்க வேண்டியதைவிட அதிகச் சூட்டில் நீண்ட நாள் ஓடியிருக்கிறது.

டிராக்கின் தடிமன் அவுன்ஸில் சொல்லப்படும். ஒரு அவுன்ஸ் செம்பை ஒரு சதுர அடியில் பரப்பினால் வரும் தடிமன் சுமார் 35 மைக்ரான். சாதாரணப் பலகைகளில் இருப்பது இதுதான். இப்போது ஒரு கணக்கு. டிராக்கின் அகலம் 1 மில்லிமீட்டர், நீளம் 10 சென்டிமீட்டர், ஓடும் மின்சாரம் 5 ஆம்பியர். அதன் மின்தடை அறைச் சூட்டில் சுமார் 0.05 ஓம். கேட்க ஒன்றுமில்லாதது போலிருக்கும். ஆனால் வெப்பம் மின்சாரத்தின் இருமடியைப் பொறுத்தது, 25-ஐ 0.05-ஆல் பெருக்கினால் ஒன்றேகால் வாட். தலைமுடி அளவுத் தடிமனுள்ள செம்பு இழையில் இவ்வளவு வெப்பம் இடைவிடாமல் பிறக்கிறது.

அந்த வெப்பம் பலகைக்குள் பரவி, பலகையின் மேற்பரப்பிலிருந்து காற்றுக்குப் போக வேண்டும். பிறக்கும் வெப்பமும் வெளியேறும் வெப்பமும் சமமாகும் இடத்தில் டிராக்கின் சூடு நின்றுவிடும். அது எங்கே நிற்கும் என்பதை மதிப்பிட, ஐபிசி-2221 என்ற தரநிலையின் வரைபடங்களிலிருந்து எடுத்த சூத்திரம் வெகுகாலமாகப் புழக்கத்தில் இருக்கிறது:

```
I = 0.048 × ΔT^0.44 × A^0.725
```

I ஆம்பியர். ΔT என்பது சுற்றுப்புறத்தைவிட டிராக் எத்தனை டிகிரி கூடுதலாகச் சூடாகிறது என்பது. A குறுக்குவெட்டுப் பரப்பு. அதைச் சதுர மில்லில் போட வேண்டும். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில். நம் டிராக்கின் பரப்பு 54 சதுர மில். விடை சுமார் 54 டிகிரி ஏற்றம். வெயிலில் மாட்டிய பெட்டிக்குள் ஏற்கெனவே 45 டிகிரி இருந்தால், டிராக் 100 டிகிரியை நெருங்கும். பக்கத்தில் 85 டிகிரி வரம்புள்ள கெப்பாசிட்டர் உட்கார்ந்திருந்தால், முதலில் போவது அதுதான்.

ஏற்றத்தை 20 டிகிரிக்குள் அடக்க, அகலம் சுமார் 1.8 மில்லிமீட்டர் வேண்டும். 10 டிகிரிக்கு 2.8. அகலத்தைக் கூட்ட இடமில்லை என்றால் 2 அவுன்ஸ் செம்பு எடுக்கலாம். அதே 1 மில்லிமீட்டர் டிராக்கில் ஏற்றம் 54-லிருந்து 17 டிகிரிக்கு இறங்கிவிடும். ஆனால் பரப்பு இரட்டித்தால் தாங்கும் மின்சாரம் இரட்டிக்காது, 1.65 மடங்குதான் ஆகும். இதை மறந்துவிட்டு கணக்குப் போடுகிறவர்கள் நிறைய.

சூத்திரத்தை வேதவாக்காக எடுக்கவும் கூடாது. அதன் வேர் 1950-களில் அமெரிக்காவில் எடுத்த அளவீடுகள். பலகைக்குள் புதைந்த டிராக்குக்கு மின்சாரத்தைப் பாதியாக எடுக்கச் சொன்னது பழைய வழக்கம். 2009-இல் வந்த ஐபிசி-2152-க்கான சோதனைகள் அதைத் திருத்தின. காற்றைவிடப் பலகைப் பொருள் வெப்பத்தை நன்றாகக் கடத்துவதால், உள்ளே இருக்கும் டிராக் வெளியே இருப்பதைவிட மோசமாகச் சூடாவதில்லை. அருகில் அகன்ற செம்புத் தளம் இருந்தால் சூடு இன்னும் குறையும். மாறாக, சூடான இன்னொரு டிராக் பக்கத்தில் ஓடினால் கணக்கைவிட ஏறும்.

அதனால் கணக்கோடு நிற்காமல் அளந்துவிடுவது நல்லது. இதற்குத் தனிக் கருவி தேவையில்லை, மல்டிமீட்டர் போதும். 5 ஆம்பியர் ஓடும்போது டிராக்கின் இரு முனைகளிலும் மீட்டர் முனைகளை வைத்து வோல்ட்டைப் படியுங்கள். 30 டிகிரி அறையில், சுவிட்ச் போட்ட கணத்தில் நம் டிராக் 0.255 வோல்ட் காட்டும். கால் மணி நேரம் கழித்து 0.307 காட்டினால் 20 சதவீதம் கூடியிருக்கிறது. செம்பின் மின்தடை ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய 4 சதவீதம் ஏறும்; ஆகவே ஏற்றம் சுமார் 50 டிகிரி. இது டிராக் முழுவதற்குமான சராசரி. எங்காவது டிராக் குறுகினால், அந்த இடம் இதைவிடச் சூடாக இருக்கும்.

டிராக்கின் மேல் ஈயம் பூசித் தடிமனாக்குவது பல கடைகளில் நடப்பது. சால்டரின் மின்தடை செம்பைப் போல எட்டு மடங்கு இருப்பதால், மெல்லிய பூச்சு அநேகமாக ஒன்றும் செய்யாது. தடித்த செம்புக் கம்பியைப் படுக்கவைத்து, அதன் மேல் சால்டர் ஓட்டுங்கள். சுமையை அந்தக் கம்பி எடுத்துக்கொள்ளும்.