கரண்ட் போனால் கடைக்கு எந்த ஜெனரேட்டர்?

ஐஸ்கிரீமும் குளிர்பானமும் விற்கும் சின்னக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தும் மின்சாரம் பிற்பகல் 2 மணிக்குத்தான் திரும்பும். அந்த ஐந்து மணி நேரத்தைச் சமாளிக்க ஜெனரேட்டர் வாங்க நினைக்கும் கடைக்காரர் முதலில் போக வேண்டிய இடம் விற்பனைக் கடை அல்ல, தன் ஃபிரிட்ஜின் பின்புறம். கம்ப்ரசருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தகட்டில் வாட் கணக்கு இருக்கும்.

நாலு எல்இடி டியூப்லைட்டுக்கு 80 வாட், இரண்டு ஃபேனுக்கு 150, பில் போடும் கம்ப்யூட்டருக்கும் பிரின்டருக்கும் 150. கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜ் 250, ஐஸ்கிரீம் ஃபிரீசர் 200. கூட்டினால் 830 வாட். ஆயிரம் வாட் ஜெனரேட்டர் தாராளமாகப் போதும் என்று தோன்றும். பலர் சறுக்குவது இங்கேதான்.

கம்ப்ரசர் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் அந்த ஒரு நொடியில், ஓடும்போது இழுப்பதைப் போல நாலைந்து மடங்கு இழுக்கும். 250 வாட் ஃபிரிட்ஜ் கிளம்பும்போது 1,200 வாட்டும், ஃபிரீசர் 1,000 வாட்டும் கேட்கலாம். லைட், ஃபேன், கம்ப்யூட்டரின் 380 வாட்டோடு இரண்டும் ஒன்றாகக் கிளம்பினால் 2,580 வாட் ஆகிவிடும். ஒவ்வொன்றாகப் போட்டால் கதை வேறு. ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கிய பிறகு ஃபிரீசரைப் போட்டால் 380, 250, 1,000 சேர்ந்து 1,630தான். 1,800 வாட் தொடர்ந்து தரும் மெஷின் இதைத் தாங்கிவிடும். பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சடித்திருப்பது பெரும்பாலும் சில நிமிடங்கள் மட்டுமே தாங்கும் உச்சத் திறன். வாங்கும்போது கேட்க வேண்டியது தொடர் திறன்.

சுமை மீறினால் சாதாரண ஜெனரேட்டர் திணறும், லைட் மங்கும். இன்வெர்ட்டர் ஜெனரேட்டரில் சிவப்பு விளக்கு எரியும். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், கரண்ட் மட்டும் வராது. மெஷின் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். இன்ஜினை அணைத்து, சுமையைக் குறைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்தால் போதும். ‘ஈக்கோ’ சுவிட்ச் போட்டிருந்தால், ஃபிரிட்ஜ் கிளம்பும் வரை அதை அணைத்து வைப்பது நல்லது. மெதுவாக ஓடும் இன்ஜின் திடீர்ச் சுமைக்கு வேகம் எடுக்கச் சற்று நேரம் பிடிக்கும்.

இரண்டு வகைக்கும் அடிப்படை வித்தியாசமே இந்த வேகம்தான். சாதாரண ஜெனரேட்டர், ஒரு பல்பு எரிந்தாலும் கடை முழுக்க ஓடினாலும், 50 ஹெர்ட்ஸ் தருவதற்காக நிமிடத்துக்குச் சுமார் 3,000 சுற்று சுற்றியே ஆக வேண்டும். இன்வெர்ட்டர் வகை மின்சாரத்தை உள்ளேயே மாற்றித் தருவதால், சுமைக்குத் தகுந்தபடி இன்ஜின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சத்தமும் பெட்ரோலும் அதனால்தான் குறைகின்றன.

ஹோண்டாவின் 2,200 வாட் இன்வெர்ட்டர் மாடலில் டேங்க் 3.6 லிட்டர். கால் சுமையில் சுமார் 8 மணி நேரம் ஓடும், முழுச் சுமையில் மூன்று மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும். கம்ப்ரசர்கள் விட்டுவிட்டு ஓடுவதால் நம் கடையின் சராசரிச் சுமை 600 வாட் என்று வைத்தால், மணிக்கு அரை லிட்டர் செலவாகும். சாதாரண மெஷின் அதே சுமைக்கு முக்கால் லிட்டருக்கு மேல், 0.8 லிட்டர் வரை குடிக்கலாம். லிட்டர் 100 ரூபாய் என்றால் மணிக்கு 30 ரூபாய் மிச்சம்.

மாதம் ஒருமுறை ஐந்து மணி நேரம் ஓட்டினால் அந்த மிச்சம் வருடத்துக்கு 1,800 ரூபாய்தான். இன்வெர்ட்டர் வகையின் கூடுதல் விலைக்கு அது ஈடாகாது. தினமும் மூன்று மணி நேரம் கரண்ட் போகும் ஊரில், வருடத்தில் 300 நாள் ஓட்டினால், 27,000 ரூபாய் மிச்சமாகும். அங்கே அது லாபமான கொள்முதல்தான்.

பெட்ரோல் கணக்கு தராத காரணத்தைச் சத்தம் தரலாம். 86 டெசிபல் என்பதையும் 61 டெசிபல் என்பதையும் பார்த்து இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், எத்தனை மீட்டரில் அளந்தது என்று கேட்க வேண்டும். இந்தியாவில் பெட்ரோல் ஜெனரேட்டருக்கான 86 டெசிபல் வரம்பு, மெஷினிலிருந்து புறப்படும் மொத்த ஒலித்திறனுக்கானது. அதே மெஷினைத் திறந்தவெளியில் ஏழு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் சுமார் 61தான் வரும். இரண்டும் ஒரே மெஷினாகக்கூட இருக்கலாம். வணிகப் பகுதியில் மொத்த இரைச்சலுக்கான வரம்பு பகலில் 65 டெசிபல், இரவில் 55. இரு பக்கமும் சுவர் எழும்பிய கடைவீதிச் சந்தில் சத்தம் திறந்தவெளியைப் போலத் தேயாது, எதிரொலித்து நிற்கும். அங்கே இன்வெர்ட்டர் வகைக்கே கூடுதல் காசு கொடுக்கலாம்.

சத்தம் குறைவு என்பதற்காக மெஷினைக் கடைக்குள்ளோ ஷட்டருக்குப் பின்னாலோ வைக்கவே கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அது உயிரைப் பறித்துவிடும். கடை வயரிங்கோடு இணைப்பதென்றால் எலக்ட்ரீஷியனைக் கொண்டு சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போட்டே இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜெனரேட்டரின் மின்சாரம் வெளிக்கம்பியில் ஏறி, பராமரிப்பு வேலையில் இருக்கும் லைன்மேனைத் தாக்கிவிடும்.