ஒரே ஷீட்டை நான்காகப் பிரித்தால் டியூஷன் கணக்கு நேராகும்

பெரும்பாலான டியூஷன் சென்டர்களில் கணக்கெல்லாம் ஒரே ஷீட்டில்தான் இருக்கும். பெயர், அப்பாவின் போன் நம்பர், வகுப்பு, பேட்ச், அதற்குப் பிறகு ஜூன், ஜூலை என்று மாதத்துக்கு ஒரு கட்டம். ஒரு பிள்ளை ஒரே பேட்சில் படித்து, மாதாமாதம் முழுப் பணத்தையும் கட்டிவிட்டால் இதில் தொல்லையே இல்லை.

ஆனால் 11-ஆம் வகுப்பு மாணவன் ஒருவன் ஜூனில் கணக்குக்குச் சேர்கிறான். மாதம் 900 ரூபாய். ஆகஸ்டில் இயற்பியலுக்கும் வருகிறான், அதற்கு 800. இப்போது அவன் பெயர் இரண்டு வரியில் ஏறுகிறது. அவன் அப்பா நம்பரை மாற்றினால் ஒரு வரியில் திருத்துவோம், இன்னொன்று பழையபடியே நிற்கும். ஆகஸ்டில் அவர் 1,000 ரூபாய் மட்டும் தருகிறார். அதை எந்த வரியில், எந்தக் கட்டத்தில் எழுதுவது? யாரோ கட்டத்துக்குள்ளேயே ‘பாக்கி அடுத்த வாரம்’ என்று எழுதிவைப்பார்கள். அந்தக் கட்டம் அதோடு எண்ணாக இல்லாமல் போகும். கூட்டலில் அந்த 1,000 சேராது.

மாணவர், பேட்ச், சேர்க்கை, பணம் ஆகிய நான்கும் வெவ்வேறு விஷயங்கள். எனவே ஒரே கூகுள் ஷீட்ஸ் கோப்பில் `Students`, `Batches`, `Enrol`, `Pay` என்று நான்கு ஷீட் போடுங்கள். முதல் ஷீட்டில் ஒரு பிள்ளைக்கு ஒரே வரி; அவனுக்கு S014 என்று ஓர் எண். ஒரே பெயரில் இரண்டு பிள்ளைகள் இருப்பது சகஜம் என்பதால் பெயரை அடையாளமாக நம்பக்கூடாது. பேட்சுக்கும் அப்படியே B03, B05 என்று எண் கொடுத்து, பாடத்தையும் நேரத்தையும் எழுதுங்கள்.

இதில் உயிர்நாடி `Enrol`தான். எந்த மாணவன், எந்த பேட்ச், எந்தத் தேதியிலிருந்து, எதுவரை, மாதம் எவ்வளவு என்பதை A முதல் F வரை இது சொல்லும். A-யில் சேர்க்கை எண். நம் மாணவனுக்கு இங்கே இரண்டு வரி. கட்டணத்தை பேட்ச் ஷீட்டில் வைக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். அப்படி வைத்தால், டிசம்பரில் 900-ஐ 1,000 ஆக்கும்போது ஜூன் மாதப் பாக்கியும் கூடிவிடும். அண்ணன் தம்பி சேர்ந்தால் தரும் சலுகைக்கும் அங்கே இடமில்லை. கட்டணம் மாறினால் பழைய வரிக்கு முடிவுத் தேதி போட்டு, புது வரி தொடங்குவதே சரி.

தர வேண்டிய தொகைக்கு G நெடுவரிசையில் இதைப் போடலாம்:

```
=(DATEDIF(D2,IF(E2="",TODAY(),E2),"M")+1)*F2
```

தொடக்கத் தேதி எப்போதும் மாதத்தின் 1-ஆம் தேதியாகவும், முடிவு மாதக் கடைசி நாளாகவும் இருக்க வேண்டும். ஜூன் 15 என்று போட்டால் செப்டம்பர் 10-இல் நான்கு மாதத்துக்குப் பதில் மூன்றுதான் வரும்.

`Pay` ஷீட்டில் ஒவ்வொரு ரசீதுக்கும் ஒரு வரி: ரசீது எண், மாணவர் எண், தேதி, தொகை. எந்த மாதத்துக்கான பணம் என்று யோசிக்கவே வேண்டாம். பாக்கியை யாரும் கையால் எழுதக்கூடாது; `Students` ஷீட்டில் இது கணக்கிடும்:

```
=SUMIFS(Enrol!G:G,Enrol!B:B,A2)-SUMIFS(Pay!D:D,Pay!B:B,A2)
```

செப்டம்பரில் பார்ப்போம். கணக்கு நான்கு மாதம் 3,600, இயற்பியல் இரண்டு மாதம் 1,600, ஆக 5,200. ஜூன், ஜூலையில் தலா 900, ஆகஸ்டில் 1,000, செப்டம்பரில் 1,500 என்று கட்டியது 4,300. பாக்கி 900. பாடவாரியாக ஆசிரியர்களுக்குப் பங்கு பிரிக்கும் சென்டர் என்றால் மட்டும், பணத்தை மாணவர் எண்ணுக்குப் பதில் சேர்க்கை எண்ணோடு இணைத்து, ஒரு ரசீதை இரண்டு வரியாகப் பிரிக்க வேண்டிவரும். பாக்கிச் சூத்திரமும் அதற்கேற்ப மாறும்.

இந்த அமைப்பில் அதிகம் நடக்கும் தவறு, S014-க்குப் பதில் S14 என்று அடித்துவிடுவது. பணம் பெட்டியில் இருக்கும், யார் கணக்கிலும் ஏறாது. கட்டிய வீட்டுக்கே போன் போகும். `Enrol`-இன் G மொத்தத்திலிருந்து `Pay`-இன் D மொத்தத்தைக் கழித்துப் பாருங்கள். எல்லா மாணவர் பாக்கியின் கூட்டுத்தொகையோடு அது ஒத்துவராவிட்டால் எங்கோ எண் தவறியிருக்கிறது. இதை முன்கூட்டியே தடுக்க, அந்தக் கட்டங்களில் `Data validation` மூலம் மாணவர் பட்டியலிலிருந்து மட்டுமே தேர்ந்தெடுக்கும்படி செய்து, `Reject the input` என்பதையும் தேர்வுசெய்யுங்கள்.

ஆனாலும் `Students`-இல் ஒரு வரியை அழித்தால் ஷீட் தடுக்காது. அவன் கட்டிய பணம் ஆளில்லாமல் `Pay`-இல் கிடக்கும். நின்றுபோன பிள்ளையின் வரியை அழிக்காமல் சேர்க்கைக்கு முடிவுத் தேதி மட்டும் போடுங்கள். அப்படி அழிப்பதையே மறுக்கும் காவல் வேண்டுமென்றால், இதே நான்கு அட்டவணைகளையும் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் பேஸில் அமைத்து, அவற்றுக்கிடையே உறவை வரையறுத்துக்கொள்ளலாம்.